புதிய வேலையில் சேர்ந்தவுடன் கருத்தரித்தால்: மேலாளரிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

மகப்பேறு புறநோயாளர் பிரிவுக்கு முதன்முறையாக வரும் பெண்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடைசி மாதவிலக்கின் முதல் நாள், முன்னர் கருத்தரித்த விவரம், சர்க்கரை, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள் எனப் போகும். அண்மை ஆண்டுகளில் அந்த வரிசையில் “என்ன வேலை, எப்போது சேர்ந்தீர்கள்?” என்பதையும் சேர்த்துக்கொண்டோம். சேர்ந்து ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று பதில் வந்தால், அடுத்துக் கேட்கப்படுவது பெரும்பாலும் குழந்தையைப் பற்றியதாக இருப்பதில்லை. “மேனேஜர்கிட்ட இத எப்படி டாக்டர் சொல்றது?” என்பதுதான்.

சேலம், நாமக்கல் பகுதியில் இந்தக் கேள்வி பல இடங்களிலிருந்து வருகிறது. சேலத்து ஜவுளிக் கடைகள், தனியார் பள்ளிகள், வங்கிக் கிளைகள், நாமக்கல்லின் தீவன ஆலைகள், குஞ்சுபொரிப்பகங்கள், லாரி நிறுவன அலுவலகங்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டி நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் ஆகியவற்றில் இன்று பெண்கள் மிகுதியாகப் பணிபுரிகிறார்கள். இந்த இடங்களில் பெரும்பாலும் முதலாளியே மேலாளராகவும் இருப்பார், அல்லது முதலாளியின் உறவினர் இருப்பார். வேலையும் தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரையால் கிடைத்திருக்கும். ஆகவே பயம் மேலாளரைப் பற்றியதோடு நிற்பதில்லை. வேலை வாங்கிக்கொடுத்த மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதும் அதில் கலந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை குறித்த சாதாரணக் கவலை கருவைக் கலைப்பதில்லை. முதல் 12 வாரங்களுக்குள் நிகழும் கருச்சிதைவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் நேர்ந்த பிழையால் ஏற்படுபவை. தாய் அஞ்சியதாலோ அழுததாலோ அவை நேர்வதில்லை. எங்கள் கவலையெல்லாம் அந்தப் பயம் பெண்களைச் செய்யவைக்கும் காரியங்களைப் பற்றியது. விடுப்புக் கேட்டால் சந்தேகம் வருமென்று முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். அடிக்கடி எழுந்து போனால் கவனிப்பார்களென்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, சிறுநீரை அடக்கி, தொற்றோடு வந்து சேர்கிறார்கள். மசக்கையில் ஒரு வாய் உணவும் தங்காத நிலையிலும், குளுக்கோஸ் ஏற்றினால் அரை நாள் போய்விடும் என்று சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். தூக்கக்கூடாத பாரத்தை, மற்றவர்கள் தூக்குகிறார்களே என்று தாங்களும் தூக்குகிறார்கள்.

எனவே இரண்டு தேதிகளைப் பிரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மருத்துவரிடம் சொல்லும் தேதி ஒன்று, மேலாளரிடம் சொல்லும் தேதி வேறொன்று. முதலாவதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. நாள் தள்ளிப்போய் வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு தெரிந்த வாரத்திலேயே வந்துவிடலாம். அரசின் பிக்மி பதிவையும் 12 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. நீங்கள் இங்கு வந்துபோனது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியவராது. எவரேனும் தொலைபேசியில் விசாரித்தாலும், அவர் யாராக இருந்தாலும், உங்கள் அனுமதியின்றி நாங்கள் எதையும் சொல்ல மாட்டோம். விடுப்புக்காகத் தரும் சான்றிதழில் நோயின் பெயரோ கருவுற்றிருக்கும் செய்தியோ இடம்பெற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. “மருத்துவக் காரணங்களுக்காக ஓய்வு தேவை” என்ற அளவில் எழுதித் தர இயலும்.

இரண்டாவது தேதியைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. பெரும்பாலான கருச்சிதைவுகள் அந்தக் காலத்துக்குள்தான் நேர்கின்றன. 11 வாரம் முதல் 14 வாரம் முடிவதற்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பும் வளர்ச்சியும் தெளிவாகத் தெரிந்துவிட்டால், அதன் பிறகு கரு நிலைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அலுவலகத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருப்பவர், வேறு சிக்கல் ஏதும் இல்லையென்றால், இந்த ஸ்கேனுக்குப் பிறகு சொல்வதே இயல்பானது.

ஆனால் எல்லா வேலையும் உட்கார்ந்து பார்க்கும் வேலை அல்ல. குஞ்சுபொரிப்பகங்களில் முட்டைகளிலும் அறைகளிலும் கிருமி நீக்க, பார்மலினையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் சேர்த்துப் புகை போடும் வழக்கம் உண்டு. அதில் வெளிவரும் பார்மால்டிஹைடு வாயு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கருச்சிதைவோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. தீவன ஆலை ஆய்வகத்தில் மக்காச்சோள மாதிரியில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்க மெத்தனால், குளோரோபாம் போன்ற கரைப்பான்களைக் கையாள நேரலாம். எக்ஸ்ரே அறையில் இருப்பவர்களுக்கும் பூச்சிமருந்துக் கிடங்கில் இருப்பவர்களுக்கும் இதே போன்ற இடர் உண்டு. இத்தகையோர் மூன்று மாதம் காத்திருப்பது சரியல்ல. குழந்தையின் உறுப்புகள் உருவாவது அந்த முதல் மூன்று மாதங்களில்தான்.

பாதுகாப்பு என்று பார்த்தால் முன்னதாகவே சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்ற பயமோ பிந்திச் சொல்லத் தூண்டுகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு சட்ட அடிப்படை இருப்பதால் அதையும் பார்த்துவிடுவோம்.

மகப்பேறு விடுப்புக்கு ஒரே ஒரு பணிநாள் நிபந்தனைதான் உண்டு. எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில், அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். சம்பளத்துடன் கூடிய பண்டிகை விடுமுறைகளும் இந்த எண்ணிக்கையில் சேரும். ஓராண்டு முடிய வேண்டும் என்பதும், பணி நிரந்தரமாக வேண்டும் என்பதும் பரவலாக நம்பப்படுகின்றன. சில நிறுவனங்கள் அவ்வாறே சொல்லியும் அனுப்புகின்றன. அது தவறு. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும், ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும், தினக்கூலிக்கும் இந்த 80 நாள் கணக்கே பொருந்தும். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு கிடைக்கும். அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். ஏற்கனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடுகள், 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் தொடர்கின்றன.

சட்டப்படி எடுத்த மகப்பேறு விடுப்பின் போது வேலையைவிட்டு நீக்க முடியாது. கருவுற்றிருக்கும் காலத்தில் நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய மகப்பேற்றுத் தொகையைத் தந்தே ஆக வேண்டும். ஆனால் 80 நாள் நிறைவதற்கு முன் இந்தப் பாதுகாப்பு மெலிந்தே இருக்கிறது. சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே சொன்ன ஒரு பெண்ணை வேறு ஏதோ காரணம் காட்டி அனுப்பிவிட்டால், அவருடைய வாதம் வலுவிழந்துவிடுகிறது. பெண்களின் பயம் கற்பனையானதல்ல என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

நாட்களை எண்ணிப் பார்ப்போம்

பலருடைய நிலைகளைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்கிறோம். இராசிபுரம் பக்கத்துப் பெண் ஒருவர், வயது 26, வேதியியல் பட்டதாரி. நாமக்கல் அருகே தீவன ஆலையும் குஞ்சுபொரிப்பகமும் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் 2026 பிப்ரவரி 9, திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறார். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. மாதச் சம்பளம் 18,000 ரூபாய். கடைசி மாதவிலக்கு வந்த நாள் ஜனவரி 4. அவருக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை வருவது வழக்கம் என்பதால் பிப்ரவரி 1 அன்று வந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று எட்டு நாள் தள்ளிப்போயிருந்தது. புது இடம், அலைச்சல் என்று அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் வார இறுதியில் சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்ற கணக்கில் பிரசவத் தேதி அக்டோபர் 11. அதற்கு 8 வாரம் முன்பு, அதாவது ஆகஸ்ட் 16 முதல் விடுப்பில் போகலாம். வாரம் ஆறு நாள் வீதம், ஒரு நாளும் தவறாமல் போனால் 80-ஆவது வேலை நாள் மே 12 அன்று வருகிறது. அப்போது கர்ப்பம் 18 வாரமும் 2 நாளும் ஆகியிருக்கும். மசக்கைக்காகச் சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாட்களுக்கு ஏற்ப இந்தத் தேதி தள்ளிப்போகும். நான்கைந்து நாள் எடுத்திருந்தாலும் ஆகஸ்டுக்கு வெகு முன்னரே 80 நாள் நிறைந்துவிடும். தனக்கு விடுப்பே கிடையாது என்று எண்ணிக்கொண்டு வந்த பெண்ணுக்கு, விரல்விட்டு எண்ணும் இந்தக் கணக்கு எந்த மாத்திரையையும்விட நன்றாகத் தூக்கம் வரவழைக்கும்.

முதலில் தீர்க்க வேண்டியது புகை போடும் அறை. ஆய்வக ஊழியர்களும் முறை வைத்து அந்த வேலையைப் பார்ப்பது அங்கு வழக்கம். ஏழாம் வாரத்தில் அவர் எங்களிடம் வருகிறார் என்று கொள்வோம். அப்போது நாங்கள் தரும் சான்றிதழில், மருத்துவக் காரணங்களுக்காக இவரை இரசாயனப் புகையிலிருந்தும் கரைப்பான்களின் ஆவியிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும் என்று எழுதுவோம். அது முழு உண்மை. காரணம் இன்னது என்று எழுதாததால் உண்மை குறைந்துவிடுவதில்லை. ஆனால் அனுபவமுள்ள மேற்பார்வையாளர் இதைப் படித்ததும் ஊகித்துவிடக்கூடும் என்பதையும் சொல்லித்தான் தருவோம். அவர் ஊகித்துக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். “சிகிச்சையில் இருக்கிறேன், விவரத்தைப் பிறகு சொல்கிறேன்” என்பதே போதுமானது. அந்த அறையிலிருந்து விலக வேறு வழியே இல்லையென்றால், அன்றே முழுவதையும் சொல்லிவிடுவதுதான் எங்கள் பரிந்துரை. வேலை போகும் அபாயம் உண்டு என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறோம்.

மேலே சொன்ன பெண்ணை மாதிரிகளைப் பதிவு செய்யும் மேசைக்கு மாற்றுகிறார்கள். ஏப்ரல் 1 அன்று, 12 வாரமும் 3 நாளும் ஆன நிலையில் ஸ்கேன் எடுக்கிறார். எல்லாம் நன்றாக இருக்கிறது. இனி மேலாளரிடம் சொல்லலாமா, மே 12 வரை காத்திருக்கலாமா? இதற்கு நாங்கள் ஒரே பதிலைச் சொல்வதில்லை. அந்த நிறுவனத்தில் முன்பு கருவுற்ற பெண்களை எப்படி நடத்தினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். விடுப்பு முடிந்து திரும்பி வந்தவர் ஒருவரேனும் அங்கே இருக்கிறாரா? இருந்தால் ஏப்ரலிலேயே சொல்லலாம். ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்றால், 80 நாள் நிறைந்த மறுநாள் சொல்வதில் தவறில்லை. ஆனால் 20 வாரத்தைத் தாண்டிப் போகக் கூடாது. அதற்குமேல் வயிறே சொல்லிவிடும். மேலும், ஆறு மாத விடுப்புக்கு மாற்று ஏற்பாடு செய்ய மேலாளருக்கும் இரண்டு மூன்று மாத அவகாசம் வேண்டும். அதைக் கொடுத்தால் அவருடைய எரிச்சல் பாதியாகக் குறைந்துவிடும்.

ஈஎஸ்ஐ குறித்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், அந்தத் திட்டத்தின் கீழ் வரும் நிறுவனத்தில் வேலை பார்த்தால், மகப்பேற்றுத் தொகையை நிறுவனத்திடமிருந்து பெறுவதில்லை, ஈஎஸ்ஐ கழகமே தருகிறது. முதன்முறையாக ஈஎஸ்ஐயில் சேருபவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் கழித்தே பணப்பயன் பெறும் காலம் தொடங்கும். நம் எடுத்துக்காட்டில் அது நவம்பர் 9. குழந்தையோ அக்டோபர் 11-இல் பிறக்க வேண்டும். ஈஎஸ்ஐ அலுவலகத்தில் தகுதி இல்லை என்பார்கள்; நிறுவனத்தில், நீங்கள் ஈஎஸ்ஐயில் இருப்பதால் எங்கள் பொறுப்பு இல்லை என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஈஎஸ்ஐயில் மகப்பேற்றுத் தொகைக்குத் தகுதி பெறும்வரை, அதைத் தரும் பொறுப்பு நிறுவனத்தினுடையதே. இந்த விவரத்தை மனிதவளப் பிரிவினர் பலர் அறிவதில்லை என்பதால் எழுத்தில் கேட்பது நல்லது. மருத்துவச் சிகிச்சையைப் பொறுத்தவரை இந்தக் காத்திருப்பு இல்லை.

மேலாளர் முன் நிற்கும்போது

பெண்கள் எங்களிடம் சொன்னவற்றிலிருந்து பார்த்தால், முதலில் வரும் எதிர்வினை பெரும்பாலும் கோபமாக இருப்பதில்லை. ஒரு மௌனம் நிலவும், பிறகு ஒரு கேள்வி வரும்: “சேர்றப்பவே தெரியுமாம்மா?” இந்தக் கேள்விதான் பலரை நிலைகுலைய வைக்கிறது. ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கிறாரே என்ற குற்ற உணர்வில், கேட்காத விளக்கங்களையெல்லாம் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, கடைசியில் “வேணும்னா நின்னுக்கறேன் சார்” என்று தாங்களே சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு.

இங்கே மருத்துவக் கணக்கும் ஒரு குழப்பத்தை விளைவிக்கிறது. கர்ப்பத்தின் வாரங்களை நாங்கள் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். கரு உருவாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே சான்றிதழில் உள்ள வாரக்கணக்கைப் பார்த்து மேலாளர் பின்னோக்கி எண்ணினால், இரண்டு வாரம் கூடுதலாகவே வரும். வேலையில் சேர்ந்த பிறகு கருத்தரித்தவர்கூட, கர்ப்பத்தோடு வந்து சேர்ந்தவர்போல் தோன்றுவார். எனவே கடிதத்திலும் பேச்சிலும் “இத்தனை வாரம்” என்று சொல்லாமல், பிரசவத் தேதியை மட்டும் சொல்லும்படி அறிவுறுத்துகிறோம். நிறுவனத்துக்குத் தேவைப்படுவதும் அந்தத் தேதிதான்.

சேரும்போதே தெரிந்திருந்தால்? அப்போதும் அது குற்றமில்லை. இதற்கு நம் நாட்டில் ஒரு முன்னோடி வழக்கு இருக்கிறது. நீரா மாத்தூர் என்பவர் 1989-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் பணிக்குத் தேர்வானார். நியமனத்துக்கு முன் அவரிடம் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்கப்பட்டது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி எது, எத்தனை முறை கருத்தரித்தார் என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. கழகத்தின் மருத்துவரே பரிசோதித்துத் தகுதியானவர் என்று சான்றளித்தார். தகுதிகாண் காலத்தில் விடுப்பில் சென்ற அவருக்கு 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில் வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். படிவத்தில் மாதவிலக்குத் தேதியைத் தவறாகக் கொடுத்து உண்மையை மறைத்தார் என்பது கழகத்தின் வாதம். டெல்லி உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றமோ 1991-இல் அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. அத்தகைய கேள்விகள் பெண்ணை இழிவுபடுத்துபவை என்று கூறி, அவற்றைப் படிவத்திலிருந்து நீக்கும்படியும் சொன்னது. அப்படியொரு படிவம் இன்று உங்கள் கைக்கு வந்தால், பொய்யான தேதி எழுத வேண்டாம்; அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள் என்பது எங்கள் கருத்து.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு 2023-இல் வந்த ஒரு தீர்ப்பும் உதவும். அதைத் தொடுத்தவர் எங்கள் துறையைச் சேர்ந்தவர் என்பதால் எங்களுக்கு அதில் தனி அக்கறை உண்டு. டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த மருத்துவராக இருந்த கவிதா யாதவ் 2017 ஜூன் 1 முதல் மகப்பேறு விடுப்புக் கேட்டார். ஒப்பந்தம் பத்து நாளில் முடிகிறது, அதற்குமேல் ஒன்றும் தர முடியாது என்றார்கள். தகுதி வந்துவிட்டால் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேற்றுப் பயன் தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேலாளரைச் சந்திக்கப் போகும்போது கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். பிரசவத் தேதி, விடுப்பில் போக நினைக்கும் தேதி, திரும்பி வர எண்ணும் தேதி, அதுவரை செய்யக்கூடாதவை என மருத்துவர் சொன்ன வேலைகள் ஆகிய இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கடிதத்தைக் கொடுங்கள். நம் ஊர்ப் பக்கத்தில் எடுத்த எடுப்பில் தாளை நீட்டினால் வழக்குப் போட வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவது நல்லது. அது கூச்சமாக இருந்தால், அன்று மாலையே அந்தக் கடிதத்தை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிடுங்கள். சொன்ன தேதிக்கு அதுவே சான்று. “சேர்றப்பவே தெரியுமா?” என்று கேட்டால், மேலே சொன்ன இராசிபுரத்துப் பெண் உண்மையையே சொல்லலாம்: “இல்லைங்க சார், சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது. அக்டோபர் 11 தேதி குடுத்திருக்காங்க. ஆகஸ்ட் 16-லிருந்து லீவு வேணும். அதுக்குள்ள இன்னொருத்தருக்கு வேலையைக் கத்துக்குடுத்துடறேன்.” தெரிந்தே சேர்ந்தவர் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் போதும். பேச்சு தேதிகளுக்கும் வேலைக்கும் நகர்ந்துவிட்டால், மேலாளரும் யாரை அந்த இடத்தில் போடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

கவனமாக இருக்க வேண்டியது கோபமாகப் பேசும் மேலாளரிடம் அல்ல, கனிவாகப் பேசுபவரிடம்தான். “உடம்பப் பாத்துக்கம்மா. இப்ப ஒரு ராஜினாமா எழுதிக் குடுத்துடு, குழந்த பொறந்தப்புறம் மறுபடி சேர்த்துக்கறோம்” என்பது நாங்கள் அடிக்கடி கேள்விப்படும் வாசகம். சொல்பவர் நல்ல மனத்தோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு, நீங்களாக விலகினால் கிடைக்காது. அக்டோபரில் பிரசவிக்க வேண்டியவர் மே மாதத்தில் அந்தத் தாளில் கையெழுத்திட்டால், 26 வாரச் சம்பளத்தை அன்றே இழக்கிறார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுத்தாளிலும் தேதியிடாத கடிதத்திலும் கையொப்பம் போட வேண்டாம். உடன் வரும் கணவர்மாருக்கும் மாமியார்மாருக்கும் ஒரு வேண்டுகோள். “போனாப் போகுது, இப்ப வேலை எதுக்கு” என்று அன்றிரவே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த முடிவை அவரே ஒரு வாரம் யோசித்து எடுக்கட்டும்.

நேரடியாக நீக்காமல் வேறு வழிகளில் நெருக்குவதும் நடக்கிறது. நின்றுகொண்டே பார்க்கும் வேலைக்கு மாற்றுவது, திடீரென இரவுப்பணி போடுவது, பரிசோதனைக்குப் போகும் நாளில் மட்டும் அனுமதி மறுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். பிரசவத் தேதிக்கு பத்து வாரம் முன்பிருந்து, அதாவது நம் எடுத்துக்காட்டில் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து, கடினமான வேலையையும் நீண்ட நேரம் நிற்கும் வேலையையும் தரக்கூடாது என்று கேட்கச் சட்டப்படியே உரிமை உண்டு. அதற்கு முன்னதாகவே இரத்த அழுத்தமோ இரத்தப்போக்கோ இருந்தால், எங்கள் சான்றிதழின்பேரில் கேட்கலாம். நடந்தவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வேலையிலிருந்து நீக்கினாலோ தொகையை மறுத்தாலோ 60 நாளுக்குள் முறையிட வேண்டும். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும்.

இவையெல்லாம் எல்லோரையும் எட்டுவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் கடைகளுக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. வீட்டோடு சேர்ந்த நான்கு தறி உள்ள பட்டறையிலும், வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை கோக்கும் வேலையிலும் இருப்பவர்களுக்கு மேலாளரின் நல்லெண்ணத்தைத் தவிர வேறு பிடிமானம் குறைவு. அவர்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க, கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்வது முக்கியம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கம் வராமல் இருந்தாலோ, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடத்தாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் அழுகை வந்தாலோ, அதை மேலாளர் பிரச்சினை என்று மட்டும் எண்ணி விட்டுவிட வேண்டாம். கர்ப்பகாலத்தில் வரும் பதற்ற நோயும் மனச்சோர்வும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. பால் கொடுக்கும் காலத்திலும் பாதுகாப்பாகத் தரக்கூடிய மருந்துகள் உள்ளன.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது பணி நியமனக் கடிதத்தையும், சேர்ந்த நாளிலிருந்து வருகையைக் குறித்த தாளையும், ஈஎஸ்ஐ எண் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். பிரசவத் தேதியைக் குறிக்கும்போதே 80-ஆவது நாளையும் உங்கள் கோப்பில் குறித்துத் தருகிறோம்.